மூலையில் விரியும் காற்று

ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது மாக் 2-ல், ஒரு சமதளச் சுவரை ஒட்டிக் காற்று ஓடுகிறது. ஓர் இடத்தில் அந்தச் சுவர் சட்டென 10 பாகை கீழ்நோக்கி மடிகிறது. காற்றுக்கு எதிரே எதுவும் குறுக்கிடவில்லை. சுவர்தான் அதைவிட்டு விலகிப் போகிறது. இப்படி ஓட்டத்திலிருந்து விலகித் திரும்பும் மூலைக்குக் குவி மூலை என்று பெயர். காற்று நேராகப் போய்விட்டால் சுவருக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் விழும். அதனால் அது திரும்பியே ஆகவேண்டும். எங்கே திரும்பத் தொடங்கும், எங்கே முடிக்கும், முடித்தபின் அதன் வேகமும் அழுத்தமும் வெப்பநிலையும் என்ன என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கான விடை 1908-லேயே அச்சில் வந்துவிட்டது. அன்றைய விமானங்கள் ரயிலின் வேகத்தைக்கூடத் தொடாதவை. மனிதர் ஒருவர் ஒலியின் வேகத்தை மட்டமான பறப்பில் தாண்டியது அதற்கு 39 ஆண்டுகள் கழித்து, 1947 அக்டோபர் 14 அன்றுதான். ஆனால் ஒலியை மிஞ்சும் ஓட்டம் அதற்கு முன்பே நீராவிச் சுழலிகளுக்குள் இருந்தது. சுவீடனின் குஸ்தாவ் தெ லாவால் வடிவமைத்த, நடுவில் குறுகிப் பின் அகலும் கூம்புக் குழாய்களில் நீராவி ஒலியைத் தாண்டிப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய முற்பட்டவர்களில் ஒருவர், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லுட்விக் பிராண்டல். அவருடைய மாணவர் தியோடர் மேயர் முனைவர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்ட பொருள் இந்த மூலைதான். இருவர் பெயரையும் சேர்த்தே இன்று அதைப் பிராண்டல்-மேயர் விரிவு என்கிறார்கள்.

ஒலியைவிட மெதுவான ஓட்டத்தில் மூலை இருப்பது காற்றுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் பரவுவதால், அது ஓட்டத்தை எதிர்த்து மேலேறிச் செல்லும். காற்று மூலைக்கு வருமுன்பே கொஞ்சம் கொஞ்சமாக வளையத் தொடங்கிவிடும். மாக் 2-ல் அதற்கு வழியில்லை. மூலையில் பிறக்கும் ஒரு சிறு அழுத்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பூமியிலிருந்து 18 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 217 கெல்வின். அங்கே ஒலி நொடிக்கு 295 மீட்டர் போகும். ஒரு நொடியில் அந்த மாற்றம் 295 மீட்டர் ஆரமுள்ள கோளமாக வளர்ந்திருக்கும். அதற்குள் காற்றோட்டம் அந்தக் கோளத்தின் மையத்தைத் தன் திசையில் 590 மீட்டர் இழுத்துப்போயிருக்கும். தொடங்கிய புள்ளியிலிருந்து அந்தக் கோளத்துக்கு ஒரு தொடுகோடு வரைந்தால், ஓட்டத்தின் திசையோடு அது செய்யும் கோணத்தின் சைன் மதிப்பு 295/590, அதாவது பாதி. கோணம் 30 பாகை. இதுவே மாக் கோணம். அந்தத் தொடுகோடு மாக் கோடு. கோட்டுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு மூலையைப் பற்றி எதுவுமே தெரியாது. சுவர் இன்னும் நேராகத்தான் இருக்கிறது என்பதுபோல அது ஓடிக்கொண்டிருக்கும்.

மாக் எண் கூடக்கூட இந்தக் கோணம் குறையும். இந்த ஒரு செய்தியிலிருந்தே விரிவின் வடிவம் முழுவதும் கிடைத்துவிடுகிறது.

10 பாகைத் திருப்பத்தை ஒரே வீச்சில் நிகழ்வதாக நினைக்காமல், ஒவ்வொன்றும் ஒரு பாகையாகப் பத்துச் சிறு திருப்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் திருப்பம் 30 பாகைக் கோட்டில் நடக்கிறது. அதைத் தாண்டிய காற்று சற்றே விரிந்து, சற்றே வேகம் கூடி, ஒரு பாகை திரும்பியிருக்கும். வேகம் கூடியதால் அடுத்த மாக் கோட்டின் கோணம் குறையும். போதாததற்கு, அந்தக் கோணம் புதிதாகத் திரும்பிய திசையிலிருந்து அளக்கப்படுவது. ஆக இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட இரண்டு காரணங்களால் பின்னுக்குச் சாய்கிறது. மூன்றாவது இன்னும் சாய்கிறது. கோடுகள் அனைத்தும் மூலையில் ஒரே புள்ளியில் தொடங்கி, மேலே போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பனையோலை விசிறியின் நரம்புகள் காம்பிலிருந்து பிரிந்து போவதுபோல. இதற்கு விரிவு விசிறி என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

சுவர் எதிர்ப்பக்கமாக, ஓட்டத்துக்குள் மடிந்திருந்தால் கதை தலைகீழாகியிருக்கும். ஒவ்வொரு சிறு திருப்பமும் காற்றை அமுக்கி வேகத்தைக் குறைக்கும். அடுத்த கோடு முன்னைவிட நிமிர்ந்து நிற்கும். பின்னால் வந்த கோடுகள் முன்னால் போனவற்றின்மேல் விழுந்து ஒன்றாகித் தடிக்கும். அதுதான் அதிர்ச்சி அலை. அதைக் கடக்கும் காற்று மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு தூரத்துக்குள் அமுங்கிச் சூடேறுகிறது, என்ட்ரோப்பி கூடுகிறது, இழந்த மொத்த அழுத்தத்தைத் திரும்பப் பெற முடியாது. விரிவில் கோடுகள் சேரவே சேராததால் எந்த இடத்திலும் திடீர்த் தாவல் இல்லை, என்ட்ரோப்பியும் மாறுவதில்லை. காற்று ஒரே வீச்சில் தாவி விரிவதாகக் கணக்கெழுதிப் பார்த்தால், என்ட்ரோப்பி குறைவதாக விடை வரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிக்காது.

ஷ்லீரன் என்னும் ஒளிப்பட முறையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அடர்த்தி மாறும் இடங்களில் ஒளி சற்று வளைவதை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் முறை அது. அதிர்ச்சி அலை கத்தியால் கீறிய கோடுபோல் விழும். விரிவு விசிறி மூலையில் கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப்போகக் கரைந்து அகலும் பட்டையாகத் தெரியும்.

இனி ஒரு பாகையின் கணக்கு. மாக் கோடு நெடுகிலும் அழுத்தம் ஒரே அளவு. கோட்டின் திசையில் காற்றைத் தள்ள எந்த விசையும் இல்லாததால், வேகத்தின் அந்தக் கூறு மாறாது. கோட்டுக்குச் செங்குத்தான கூறு மட்டும் கூடும். இந்த நிபந்தனையை முக்கோணமாக வரைந்து பார்த்தால் சிறிய ஒரு தொடர்பு கிடைக்கிறது:

dθ = √(M² − 1) · dV/V

θ திரும்பிய கோணம், ரேடியனில். V வேகம், M மாக் எண். மாக் 2-ல் √(M² − 1) என்பது √3, அதாவது 1.732. ஒரு பாகை என்பது 0.01745 ரேடியன். வகுத்தால் வேகம் ஒரு சதவீதம் கூடுகிறது என்று வருகிறது. 590 மீட்டர் வேகத்தில் ஒரு சதவீதம் ஏறத்தாழ 6 மீட்டர். பத்துப் பாகைக்கு 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். மாக் எண் ஏற ஏற √(M² − 1) பெருகி, ஒவ்வொரு பாகையும் தரும் வேகம் சற்றுச் சுருங்குமல்லவா? இந்தத் தோராயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், துல்லியக் கணக்கின் விடை வந்ததும் அது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

துல்லியக் கணக்கு என்பது இந்தச் சிறு திருப்பங்களையெல்லாம் தொகையிடுவது. அந்தத் தொகையை முழுமையாக எழுதி, மதிப்புகளை அட்டவணையாகவும் கொடுத்தார் மேயர். இன்றைய குறியீட்டில் அது இப்படி:

ν(M) = √((γ+1)/(γ−1)) · tan⁻¹ √((γ−1)(M²−1)/(γ+1)) − tan⁻¹ √(M²−1)

γ என்பது வாயுவின் இரண்டு தன்வெப்பங்களின் விகிதம், காற்றுக்கு 1.4. ν என்ற கிரேக்க எழுத்தை நியூ என்று வாசிப்பார்கள். பார்வைக்கு முரடாக இருந்தாலும் அது சொல்வது எளிது: மிகச் சரியாக ஒலியின் வேகத்தில், மாக் 1-ல், புறப்பட்ட ஓட்டம் விரிந்து விரிந்து மாக் M-ஐ அடையவேண்டுமானால் மொத்தம் எத்தனை பாகை திரும்பியிருக்கவேண்டும் என்பதே ν. மாக் 1-ல் அதன் மதிப்பு சுழி. என்ட்ரோப்பி மாறாததால், ஓட்டம் இதுவரை எந்தெந்த மூலைகளில் எப்படித் திரும்பி வந்தது என்ற வரலாறு தேவையில்லை. புதிய மூலையின் கோணத்தைக் கூட்டினால் போதும்:

ν₂ = ν₁ + θ

வேகங்களையோ அழுத்தங்களையோ இப்படிக் கூட்ட முடியாது. கோணத்தை மட்டும் கூட்டலாம்.

நம் மூலைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். M = 2 என்றால் M² − 1 என்பது 3. இரண்டாம் உறுப்பு tan⁻¹ √3, அதாவது 60 பாகை. முதல் உறுப்பில் √(2.4/0.4) என்பது √6, மதிப்பு 2.4495. அதன் உள்ளே tan⁻¹ √(3/6), அதாவது 35.26 பாகை. பெருக்கினால் 86.38, அதில் 60 போக 26.38. மாக் 2-ல் ஓடும் காற்று, மாக் 1-லிருந்து 26.38 பாகை திரும்பி வந்ததற்குச் சமம். மூலையின் 10 பாகையைக் கூட்டினால் 36.38.

இப்போது வழி திரும்புகிறது: எந்த மாக் எண்ணுக்கு ν 36.38 ஆகும்? வாய்பாட்டைத் தலைகீழாக்கி M-ஐத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அட்டவணை கையில் இருந்தால், மாக் 2.3-க்கு 34.28, மாக் 2.4-க்கு 36.75. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்கு நெருக்கமாக இருக்கிறது. விகிதப்படி பிரித்தால் 2.385. கணினி நிரலும் இதையேதான் செய்கிறது. இடைவெளியை மீண்டும் மீண்டும் பாதியாக்கி விடையை நெருக்குகிறது.

மாக் எண் தெரிந்துவிட்டால் மற்றவை வரிசையாக வந்துவிடும். என்ட்ரோப்பி மாறாத ஓட்டத்தில் வெப்பநிலை விகிதம் (1 + 0.2 × 2²) / (1 + 0.2 × 2.385²), அதாவது 0.842. அதை 3.5 அடுக்குக்கு உயர்த்தினால் அழுத்த விகிதம் 0.548. கான்கார்ட் விமானம் மாக் 2-ல் பறந்தபோது ஏறத்தாழ 18 கி.மீ. உயரம் வரை போனது. அந்த உயரத்தின் காற்றை இந்த மூலையில் ஓடவிட்டால், 7.57 கிலோபாஸ்கலாக இருந்த அழுத்தம் 4.15 ஆகிவிடும், −56 பாகை செல்சியஸாக இருந்த வெப்பநிலை −90-க்கு இறங்கும், நொடிக்கு 590 மீட்டராக இருந்த வேகம் 646 ஆகும். கூடியது 56 மீட்டர். முன்னர் மதிப்பிட்ட 60-க்குச் சற்றுக் குறைவு என்பதும் பொருந்திவிட்டது. இந்தக் கூடுதல் வேகத்தை வெளியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை. காற்று தன் வெப்பத்தில் 34 பாகையை இயக்க ஆற்றலாக மாற்றிக்கொண்டது.

இடம் அகன்றால் வேகம் குறையும் என்று ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நெருடலாம். இங்கே அடர்த்தியைப் பார்க்கவேண்டும். விசிறியைக் கடக்கும்போது காற்றின் அடர்த்தி 35 சதவீதம் விழுகிறது. வேகமோ 9 சதவீதம்தான் கூடுகிறது. அதே அளவு காற்று கடந்துபோக வேண்டுமென்றால் பாதை 40 சதவீதம் அகலமாக இருந்தாகவேண்டும். மூலை அந்த அகலத்தைத்தான் கொடுக்கிறது. ஒலியைத் தாண்டிய ஓட்டத்தில் அடர்த்தி வேகத்தை முந்திக்கொண்டு மாறுவதால், அகலும் பாதையே வேகம் கூட்டும் பாதையாகிறது.

விசிறி எங்கே நிற்கிறது என்று படம் வரையும்போது பலர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. முதல் கோடு, பழைய சுவரின் திசையிலிருந்து 30 பாகை. கடைசிக் கோட்டின் மாக் கோணம் மாக் 2.385-க்கு 24.8 பாகை. இதையும் பழைய திசையிலிருந்தே அளந்துவிட்டால் விசிறி 5 பாகை அகலமே இருப்பதாகத் தெரியும். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது காற்று ஏற்கெனவே 10 பாகை திரும்பிவிட்டது, 24.8 பாகையைப் புதிய சுவரிலிருந்துதான் அளக்கவேண்டும். பழைய திசையிலிருந்து பார்த்தால் அது 14.8 பாகை. ஆகவே விசிறியின் உண்மையான அகலம் 15 பாகைக்குச் சற்று மேல். கணக்கின் மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், விசிறி இறக்கையின் எந்தப் பகுதியில் போய் விழுகிறது என்பது மட்டும் தவறிப்போவதற்கு இதுவே வழக்கமான காரணம். கோணங்களைப் பாகையில் எடுத்தோமா ரேடியனில் எடுத்தோமா என்ற குழப்பத்தைக் கண்டுபிடிக்க, மாக் 2-க்கு 26.38 வருகிறதா என்று முதலில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இதே 10 பாகை மூலை ஓர் இறக்கையிலும் மறைந்திருக்கிறது. மெல்லிய தட்டையான தகடு ஒன்றை மாக் 2 ஓட்டத்தில் 10 பாகை சாய்த்து வைத்தால், முன்விளிம்பில் பிரியும் காற்றுக்கு மேற்பக்கம் குவி மூலைதான். சுவர் 10 பாகை விலகிப் போகிறது. மேலே அழுத்தம் 0.548 மடங்காகக் குறைகிறது. கீழ்ப்பக்கத்தில் தகடு ஓட்டத்துக்குள் 10 பாகை நுழைகிறது. அங்கே சாய்ந்த அதிர்ச்சி அலை தோன்றி, அழுத்தத்தை 1.707 மடங்காக்குகிறது. 18 கி.மீ. உயரத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 8.77 கிலோபாஸ்கல். தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 880 கிலோகிராம் எடையைத் தூக்கும்.

1925-ல் சுவிட்சர்லாந்தின் ஜேக்கப் ஆக்கெரெட் இதற்கு ஒரு சுருக்க வழி சொன்னார். சிறிய கோணங்களுக்கு விரிவையும் அமுக்கத்தையும் ஒரே நேர்கோட்டு விதியால் எழுதலாம். தகட்டின் தூக்குக் குணகம் 4α/√(M² − 1), α சாய்வுக் கோணம். நம் தகட்டுக்கு அது 0.403 தருகிறது. விசிறியையும் அதிர்ச்சி அலையையும் தனித்தனியே கணக்கிட்டால் 0.408. வேறுபாடு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். நேர்கோட்டு விதி மேற்பக்க அழுத்தத்தை 0.436 என்கிறது, உண்மை 0.548. கீழ்ப்பக்கத்தை 1.564 என்கிறது, உண்மை 1.707. மேலே இருக்கும் உறிஞ்சலை அது மிகையாகவும், கீழே இருக்கும் அழுத்தத்தைக் குறைவாகவும் மதிப்பிடுகிறது. கூட்டும்போது இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மொத்தத் தூக்குவிசை மட்டும் போதும் என்பவருக்கு இது வசதி. மேல் தகடு எவ்வளவு அழுத்தம் தாங்கவேண்டும் என்று கேட்பவர் மேயரின் வாய்பாட்டுக்கே திரும்பவேண்டும்.

மேற்பக்கத்தின் பங்குக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. அழுத்தம் சுழிக்குக் கீழே போகாது. வேகமும் கோணமும் கூடக்கூடக் கீழ்ப்பக்க அழுத்தம் பல மடங்காக ஏறிக்கொண்டே போகும். மேற்பக்கமோ வெற்றிடத்தை நெருங்கி நின்றுவிடும். அதனால்தான் மாக் 5-க்கு மேல் பறக்கும் கலங்களைச் சுமப்பது பெரும்பாலும் அவற்றின் வயிற்றுப் பக்கம்.

அந்த உச்சவரம்பு வாய்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. M எல்லையின்றிப் பெருகினால் இரண்டு tan⁻¹ உறுப்புகளும் 90 பாகையை நெருங்கும். காற்றுக்கு ν 130.45 பாகையில் நின்றுவிடும். மாக் 1-லிருந்து புறப்பட்ட காற்று அதற்குமேல் திரும்பாது. மாக் 2-ல் வருவதற்கு மீதமிருப்பது 104 பாகை. சுவர் அதைவிட அதிகமாக மடிந்தால், காற்றுக்கும் சுவருக்கும் இடையே வெற்றிடம் மிஞ்சும்.

இது வாய்பாட்டின் எல்லை. உண்மைக் காற்று அதற்கு வெகு முன்பே வேறு வழிகளில் நின்றுவிடும். முதல் தடை குளிர். 300 கெல்வினில் அடைத்துவைத்த காற்றை மாக் 5 வரை விரித்தால் வெப்பநிலை 50 கெல்வினுக்கு விழும். காற்றே திரவத் துளிகளாகத் தொடங்கிவிடும். அதனால் மிகுவேகக் காற்றுச் சுரங்கங்களில் காற்றை முன்னதாகச் சூடாக்குகிறார்கள். ஈரம் இருந்தால் தொல்லை இன்னும் முன்னதாக வரும். 1935-ல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் பிராண்டல் காட்டிய ஒரு படத்தில், எந்தத் தடையும் இல்லாத கூம்புக் குழாயின் நடுவே எக்ஸ் எழுத்துப்போல் இரண்டு அலைகள் குறுக்கிட்டன. விரிந்து குளிர்ந்த காற்றிலிருந்த நீராவி திடீரெனத் துளிகளாக ஒடுங்கித் தன் வெப்பத்தைக் கொட்டியதே காரணம். காற்றை உலர்த்தியே ஆகவேண்டும் என்பது அதன்பின் சுரங்கங்களின் எழுதப்பட்ட நடைமுறையானது.

இரண்டாவது தடை, சுவரை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலம். உராய்வால் மெதுவான அந்தப் படலம் செங்குத்தாக மடியும் மூலையைச் சுற்றி வர முடியாது. துப்பாக்கிக் குண்டின் தட்டையான பின்புறம் 90 பாகை மூலை. வாய்பாட்டின்படி காற்று முழுவதும் திரும்பிவிடலாம்; நடப்பில் சிறிது திரும்பியதுமே பிரிந்து, குண்டுக்குப் பின்னால் சுழலும் ஒரு தேங்கலை விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே திருப்பத்தைத் தீர்மானிப்பது சுவர் அல்ல, அந்தத் தேங்கலின் அழுத்தம். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும்: அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து மாக் எண்ணை எடுத்து, இரண்டு ν மதிப்புகளின் வேறுபாட்டால் காற்று எத்தனை பாகை திரும்பியது என்று அறியவேண்டும். பிரிவு நடந்துவிட்டதா என்று காட்டுவதும் அழுத்தமே. பின்சுவரில் வரிசையாக வைத்த அழுத்தத் துளைகள், வாய்பாடு சொல்லும் மிகத் தாழ்ந்த மதிப்பைக் காட்டாமல், அதைவிடக் கூடுதலான ஓர் அளவை ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காட்டும்.

சுவர் என்ன கோணத்தில் இருந்தாலும் அழுத்தமே திருப்பத்தை முடிவுசெய்யும் இடங்களில் முக்கியமானது, விண்வெளியில் எரியும் ஒரு சிறு உந்தியின் வாய். உந்திக் கூம்பின் விளிம்பு முடிந்ததும் வெளியே வெற்றிடம். வாயுவின் மீது எதிர் அழுத்தம் இல்லை. விளிம்பில் அது தன் எல்லைவரை திரும்பும். சூடான எரிவாயுவுக்கு γ காற்றைவிடக் குறைவு; 1.2 என்று கொள்ளலாம். அப்போது ν-வின் எல்லை 208.5 பாகையாக எகிறுகிறது. வாயு மாக் 4-ல் வெளியேறுகிறது என்றால், அதன் ν 88.4. கழித்தால் 120 பாகை. விளிம்பில் கூம்பின் சுவர் ஏற்கெனவே 10 பாகை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், உந்தியின் அச்சிலிருந்து 130 பாகை வரை வாயு விரியும். 90 பாகை என்பது நேர் பக்கவாட்டு. அதற்கும் அப்பால் 40 பாகை, உந்தியைத் தாங்கும் கலத்தை நோக்கியே வாயு திரும்பிவருகிறது.

இந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. விசிறியின் கடைசிக் கோடுகளில் வாயு அத்தனை மெலிந்துவிடுவதால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதே அரிதாகிவிடும். தொடர்ச்சியான ஊடகம் என்ற எண்ணமே அங்கே உடைந்துபோகும். அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் கிரேம் பர்ட் 1960-களில் உருவாக்கியதுபோல, மூலக்கூறுகளைத் தனித்தனியே ஓடவிட்டு மோதவிடும் கணினிக் கணக்கு தேவை. மறுபக்கம், கூம்பின் சுவரை ஒட்டிய எல்லைப் படலத்தில் மாக் எண் மிகக் குறைவு; அங்கே ν-வும் குறைவு என்பதால், அந்த வாயுவுக்கு மீதமிருக்கும் திருப்பம் மையத்தில் வரும் வாயுவைவிட அதிகம். கலத்தின்மேல் பின்னோக்கி வந்து படிவதில் பெரும்பங்கு இந்தப் படலத்திலிருந்து வருவதே. கேமரா வில்லைகளிலும் சூரியத் தகடுகளிலும் அது படிந்தால் அவற்றின் திறன் குறையும். அதனால் எந்த உந்தியை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று வடிவமைப்பாளர்கள் முடிவுசெய்யும்போது மேயரின் கூட்டல் கணக்கு முதல் வரைவாக வருகிறது. கலத்தின் எந்த உறுப்பு அந்தக் கோணத்துக்குள் விழுகிறது என்று பார்த்து, விழுந்தால் உந்தியை நகர்த்துகிறார்கள், சாய்க்கிறார்கள், அல்லது நடுவே ஒரு தடுப்பு வைக்கிறார்கள்.

விரிந்து பரவும் உந்தி வாயுவுக்குத் தடுப்பு வைத்ததை 1969-ல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11-ன் இறங்குகலத்தில் காணலாம். மேற்பகுதியில் நான்கு தொகுதிகளாக இருந்த உந்திகளில் கீழ்நோக்கிப் பார்த்தவற்றுக்கு நேர் கீழே, இறங்கு பகுதியின் பக்கவாட்டிலிருந்து வளைந்த தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. உந்தியிலிருந்து விரிந்து வரும் சூடான வாயு கீழ்ப்பகுதியின் மெல்லிய வெப்பக்காப்பைத் தாக்காமல், அதை வெளிப்பக்கம் திருப்பிவிடுவதே அவற்றின் வேலை.